மச்சான் கொட்டேஷன்தான் குறைவு, அப்பவும் நான் வெளியே போகணுமா?

புதுப்பொருளாளர் | 6 ஜூலை 2024

எங்கள் ஊர்ப் பள்ளியை ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. ஏழு டிரஸ்டிகள், நான் ஐந்து மாதமாகப் பொருளாளர். பிள்ளைகள் காலை வழிபாட்டுக்கு வெயிலில் நிற்கிறார்கள் என்று முன்முற்றத்தில் அறுபதுக்கு நாற்பது அடியில் ஷீட் கூரை போட முடிவு செய்தோம். மூன்று கொட்டேஷன் வந்திருக்கின்றன: 8,60,000, 9,10,000, 9,75,000. குறைந்தது என் மனைவியின் தம்பி கொடுத்தது.

"உறவு என்று சொல்லிவிடு, மினிட்ஸில் எழுதிக்கொள்வோம், அப்புறம் எல்லாருமாக ஓட்டுப் போடலாம்" என்கிறார் தலைவர். செயலாளரோ நான் அறையிலேயே இருக்கக் கூடாது என்கிறார். குறைந்த விலைக்குச் செய்கிறவனை உறவு என்பதற்காகத் தள்ளினால் நஷ்டம் பள்ளிக்குத்தானே? கூட்டம் 14ஆம் தேதி. இதற்கு எங்களிடம் எழுதிய விதி எதுவும் இல்லை, அதையும் என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | 6 ஜூலை 2024

வெளியே போங்கள் தம்பி. மச்சானைத் தள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லையே, அவர் கொட்டேஷன் மேசையில் அப்படியே இருக்கட்டும். மற்ற ஆறு பேர் அதைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

முப்பது வருடம் ஆடிட்டர் ஆபீஸில் டிரஸ்ட் கணக்குகளைப் பார்த்தவன் நான். பொருளாளர் உட்கார்ந்திருக்கும்போது "இந்த ஷீட் எத்தனை நாள் தாங்கும், போன வருஷம் இவர் போட்ட கூரை ஒழுகியதாமே" என்று யாராவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். ஊரில் நாளைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீங்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கேள்வி அங்கே எழாது. ஓட்டுப் போடாமல் இருப்பது மட்டும் போதாது என்பது இதனால்தான்.

மேலத்தெருவான் | 7 ஜூலை 2024

ஐயா ரொம்பப் பயமுறுத்துகிறார். சட்டத்தில் உறவு என்றால் மனைவி, பிள்ளை, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள். மனைவியின் தம்பி அதில் வரமாட்டார். அதுவும் குறைந்த கொட்டேஷன். சொல்லிவிட்டு உட்காருங்கள் பொருளாளரே, டீயும் வடையும் வீணாகக் கூடாது.

கணக்குப்பிள்ளை | 7 ஜூலை 2024

வருவார். 1961ஆம் வருட வருமான வரிச் சட்டம் 13ஆம் பிரிவில் டிரஸ்டியின் உறவினர் யார் யார் என்று தனியாகவே பட்டியல் இருக்கிறது. கணவன் அல்லது மனைவியின் சகோதர சகோதரிகளும் அதில் உண்டு, அவர்களுடைய பிள்ளைகள் வரைக்கும் உண்டு. நம் ஊரில் மச்சான் இல்லாமல் எந்தக் காரியம் நடக்கிறது, எழுதியவருக்கும் அது தெரிந்திருக்கும்போல.

அந்தப் பிரிவு மச்சானுக்கு வேலையே தரக் கூடாது என்று சொல்லவில்லை. நியாயமான தொகைக்கு மேல் கொடுத்தால்தான் பிரச்சினை. உதாரணத்துக்கு, 8,60,000 கொடுத்த வேலைக்கு 7,80,000தான் நியாயம் என்று அதிகாரி முடிவு செய்கிறார் என்று வையுங்கள். கூடுதலாகப் போன 80,000க்கு 30 சதவீத வரி, அதாவது 24,000, அதன்மேல் செஸ். அதோடு அந்த 80,000 அளவுக்கே அபராதமும் போடலாம். இன்னொரு வருடமும் இதையே செய்தால் அபராதம் இரட்டிப்பு. 2022 பட்ஜெட்டில் வந்த மாற்றம் இது. அதற்கு முன் டிரஸ்டின் வரிவிலக்கு மொத்தத்துக்கும் கை வைக்க இடம் இருந்தது, அந்த மட்டில் இப்போது பரவாயில்லை.

அதிகாரி கேட்டால் என்ன காட்டுவீர்கள்? மூன்று கொட்டேஷனையும் மினிட்ஸ் புத்தகத்தையும்தான். அந்தப் பக்கத்தில் பேசியவர்கள் வரிசையில் உங்கள் பெயர் இருந்தால் மூன்று கொட்டேஷனுக்கும் மதிப்புப் போய்விடும்.

கோயில்நிலம் | 8 ஜூலை 2024

எங்கள் கோயிலிலும் இதே தகராறு. அறநிலையத் துறைக் கோயில். அறங்காவலராக நியமிக்கச் சொல்லி மனு போட்டிருக்கும் ஒருவர் கோயில் நிலம் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு வைத்திருக்கிறார். குத்தகை பற்றிப் பேச்சு வரும்போது வெளியே போய்விடுகிறேன் என்கிறார். அது போதுமா?

கணக்குப்பிள்ளை | 8 ஜூலை 2024

போதாது. உங்கள் கேள்வியே வேறு. 1959ஆம் வருட இந்து சமய அறநிலையச் சட்டம் 26ஆம் பிரிவைப் பாருங்கள். கோயில் சொத்தில் நடப்புக் குத்தகையோ ஒப்பந்தமோ கோயில் வேலையோ வைத்திருப்பவர் அறங்காவலராகவே முடியாது, கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவரும் அப்படித்தான். எழுந்து வெளியே போவதால் அந்தத் தகுதிக்குறைவு தீராது. குத்தகையை விட வேண்டும், இல்லையென்றால் பதவி ஆசையை விட வேண்டும்.

பொருளாளர் சொல்வது தனிப் பத்திரம் போட்டுப் பதிவு செய்த பொது அறக்கட்டளை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பத்திரத்தைத்தான். டிரஸ்டியோ அவர் உறவினரோ டிரஸ்டோடு வியாபாரம் செய்யவே கூடாது என்று சில பழைய பத்திரங்களில் ஒரு வரி இருக்கும். இருந்தால் கதை அங்கேயே முடிந்தது, விலை குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. படித்தீர்களா தம்பி?

புதுப்பொருளாளர் | 8 ஜூலை 2024

படித்தேன். அப்படி எதுவும் இல்லை. கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்கிற கோரம் நான்கு பேர் என்று மட்டும் இருக்கிறது.

எனக்கு இன்னும் மனது ஆறவில்லை. டிரஸ்டுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை. பிறகு ஏன் நான் குற்றவாளி மாதிரி வராந்தாவில் நிற்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை | 9 ஜூலை 2024

ஒரு பழைய வழக்கு சொல்கிறேன். 1726, லண்டன். ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை ஒரு சிறுவனுக்காக ஒரு டிரஸ்டியின் பொறுப்பில் இருந்தது. குத்தகை முடிந்தது. சிறுவன் பெயரில் புதுப்பிக்க முடியாது என்று நில உரிமையாளர் சொல்லிவிட்டார். சரி, வீணாகப் போகிறதே என்று டிரஸ்டி தன் பெயரில் எடுத்துக்கொண்டார். அவர் திருடவில்லை, சிறுவனுக்கு எப்படியும் கிடைத்திருக்கப் போவதில்லை. ஆனாலும் குத்தகையையும் அதில் வந்த லாபத்தையும் சிறுவனுக்கே கொடு என்றது நீதிமன்றம். உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையை எடுக்கலாம், இந்த ஒருவர் மட்டும் கூடாது என்பது கடுமையாகத்தான் தோன்றும் என்று நீதிபதியே ஒத்துக்கொண்டார். காரணம் எளிது: இதை அனுமதித்தால் அடுத்து வரும் டிரஸ்டி, உரிமையாளர் மறுக்கும்படி எவ்வளவு முயன்றார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் நேர்மையானவர் என்று நான் நம்புகிறேன். அதை மற்றவர்கள் அளந்து பார்க்க வழி இல்லை என்பதுதான் பிரச்சினை.

லெஸ்டர் அக்கா | 9 ஜூலை 2024

இங்கே நாங்கள் வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளி ஒன்றை நடத்துகிறோம், பதிவு செய்த அறக்கட்டளைதான். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் விஷயமே "இன்றைய பட்டியலில் யாருக்காவது சம்பந்தம் உண்டா" என்பது. முதல் தடவை எனக்கும் மூஞ்சி சுருங்கியது, இப்போது வருகைப்பதிவு மாதிரிப் பழகிவிட்டது. யார் யாருக்கு எங்கே வேலை, எங்கே பங்கு, வேறு எந்தச் சங்கத்தில் பொறுப்பு என்று ஒரு பதிவேடும் இருக்கிறது, வருடம் ஒருமுறை புதுப்பிப்போம்.

பணம் இல்லாத சம்பந்தமும் உண்டு, அதை மறக்காதீர்கள். எங்களில் ஒருவர் கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். பள்ளிக்குக் கோயில் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கலாமா என்று பேசினோம். அவருக்கு ஒரு பவுண்டு கிடைக்காது, ஆனால் இரண்டு பக்கமும் விசுவாசம் காட்ட வேண்டிய நிலை. வாடகையைப் பேரம் பேசும்போது யாருக்காகப் பேசுவார்? அவரும் எழுந்து போனார்.

எங்களுக்குத் தீராத குழப்பம் ஒன்று: டிரஸ்டிகள் எல்லாருமே பெற்றோர். கட்டணத்தை உயர்த்தலாமா என்று முடிவெடுக்கும்போது எல்லாருக்கும் சம்பந்தம்! எல்லாரும் வெளியே போனால் அறையில் யார், நாற்காலிகளா?

கணக்குப்பிள்ளை | 9 ஜூலை 2024

நாற்காலிகள் நல்ல தீர்மானம் போட்டிருக்கும் அக்கா, பார்த்திருக்கிறேன்.

கட்டணம் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே மாதிரி என்றால் உட்காரலாம் என்பேன். டிரஸ்டிக்கு மற்றவர்களைவிடத் தனியாக எதுவும் கிடைக்கவில்லையே. "இரண்டாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம்" என்று ஒரு சலுகை வந்து, இரண்டு பிள்ளை இருப்பது டிரஸ்டிகளில் மூன்று பேருக்கு மட்டும் என்றால் அந்த மூன்று பேரும் எழுந்துவிட வேண்டும்.

புதுப்பொருளாளர் | 10 ஜூலை 2024

சரி, ஒத்துக்கொள்கிறேன், வெளியே போகிறேன். விதிக்கு ஒரு வரி எழுதினேன்: "தனக்கு நேரடியாக ஆதாயம் உள்ள தீர்மானத்தில் அறங்காவலர் வாக்களிக்கக் கூடாது." போதுமா?

கணக்குப்பிள்ளை | 10 ஜூலை 2024

மூன்று ஓட்டை. "நேரடியாக" என்று போட்டால் மச்சான் தப்பித்துவிடுவார், உங்களுக்கு நேரடி ஆதாயம் இல்லையே. "ஆதாயம்" என்றால் நஷ்டம் வருகிறவர் உட்காரலாம் என்று ஆகும். பள்ளி சொந்தமாக வேன் வாங்கலாமா என்ற பேச்சில், இப்போது வேன் ஓட்டுகிறவரின் அண்ணன் டிரஸ்டியாக இருந்தால் அவர் எதிர்த்துத்தான் பேசுவார். "வாக்களிக்க" என்றால் ஒரு மணி நேரம் வாதாடிவிட்டுக் கை தூக்காமல் இருந்தால் போதும் என்று அர்த்தம்.

பேச்சு வழக்கில் எழுதுங்கள், யாருக்கும் வக்கீல் தேவைப்படக் கூடாது. இப்படி: "இந்த முடிவால் எனக்கோ, என் வீட்டாருக்கோ, என் அல்லது என் துணையின் கூடப்பிறந்தவர்களுக்கோ, நான் வேலை செய்கிற, பங்கு வைத்திருக்கிற, பொறுப்பில் இருக்கிற இடத்துக்கோ பணமோ வேறு நன்மையோ கூடலாம், குறையலாம் என்றால், அதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்வேன். கேட்கும் தகவலைக் கொடுத்துவிட்டு அறையை விட்டுப் போவேன். முடிவு எழுதிய பிறகுதான் திரும்புவேன். சம்பந்தம் உண்டா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தால் மற்றவர்கள் சொல்வதுதான் முடிவு."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தனக்குச் சம்பந்தம் இல்லை என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான் எல்லா விதியும் உடைகிறது.

மேலத்தெருவான் | 10 ஜூலை 2024

உறவினர் பற்றி நான் சொன்னது தப்புதான், தேடிப் பார்த்தேன். ஆனால் நண்பர்? பொருளாளரும் அந்த 9,10,000 ஆளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்றால்? சின்ன ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது? இப்படியே போனால் வெளியூரில் இருந்துதான் டிரஸ்டி இறக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை | 10 ஜூலை 2024

கூடப் படித்தவர் என்றால் சொன்னால் போதும், உட்காரலாம். தினமும் ஒன்றாக நடைப்பயிற்சி போகிறவர், கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர், சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற குடும்பம் என்றால் வெளியே போவதுதான் சரி. கோடு எங்கே என்று ஸ்கேல் வைத்துக் காட்ட என்னால் முடியாது.

புதுப்பொருளாளர் | 11 ஜூலை 2024

ஐயா, ஒரு விஷயம் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். கொட்டேஷன் கேட்கும்போது அளவு, பைப் கனம், ஷீட் 0.50 மில்லிமீட்டர் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதி மூன்று பேருக்கும் கொடுத்தேன். எனக்கு இந்த வேலை தெரியாது. அந்தத் தாளை எழுதித் தந்தது மச்சான்தான். மற்ற இரண்டு கவரும் முதலில் வந்தன, பிரித்து ஃபைலில் வைத்திருந்தேன். மச்சானுடையது நாலு நாள் கழித்து வந்தது. அவர் அந்த ஃபைலைப் பார்க்கவில்லை, சத்தியமாக. ஆனால் ஃபைல் என் வீட்டு மேசையில்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை | 11 ஜூலை 2024

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் பதிலில் "14ஆம் தேதி வெளியே போங்கள்" என்று எழுதினேன், அன்றைக்கு மட்டும்தான் விஷயம் என்கிற மாதிரி. தப்பு. என்ன வேலை வேண்டும் என்று தாள் எழுதிய அன்றே நீங்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். அந்தத் தாளை எழுதுகிறவர் தன்னிடம் கையிருப்பில் உள்ள சரக்குக்கு ஏற்ப எழுதலாம். மற்றவர்கள் அதே கனத்துக்கு வெளியே வாங்கிப் போட வேண்டியிருக்கும், விலை தானாக ஏறும். கடைசியாக வந்த கவர் குறைவாக இருப்பது தற்செயலாகவே இருக்கலாம், ஆனால் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

14ஆம் தேதி வேலையைக் கொடுக்காதீர்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். செயலாளரும் இன்னொருவரும் ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரைக் கொண்டு தாளைப் புதிதாக எழுதட்டும். மூடிய கவர், ஒரே கடைசி நாள், கூட்டத்திலேயே பிரிப்பது. மச்சானும் கொடுக்கட்டும்.

மேலத்தெருவான் | 11 ஜூலை 2024

அடேங்கப்பா. வடை விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

புதுப்பொருளாளர் | 15 ஜூலை 2024

சொன்னேன். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. தலைவருக்குக் கோபம், செயலாளருக்கு அவ்வளவாக ஆச்சரியம் இல்லை, அதுதான் அதிகம் வலித்தது. மினிட்ஸில் எழுதியதைப் போடுகிறேன், சரியா பாருங்கள்:

"பொருள் 4 தொடங்கும் முன், கொட்டேஷன் கொடுத்தவர்களில் ஒருவர் தம் மனைவியின் தம்பி என்றும், வேலை விவரத்தாள் அவர் உதவியால் எழுதப்பட்டது என்றும் பொருளாளர் தெரிவித்து, 6.20க்கு அறையை விட்டுச் சென்றார். மீதி ஐந்து பேர் பேசி, மூன்று கொட்டேஷனையும் ரத்து செய்து புதிதாகக் கேட்க முடிவு செய்தனர். பொருளாளர் 6.50க்குத் திரும்பினார்."

ஒருவர் வரவில்லை, அதனால் ஐந்து. கோரம் நான்கு என்பதால் தப்பித்தோம்.

கணக்குப்பிள்ளை | 15 ஜூலை 2024

நன்றாக இருக்கிறது. நேரம் போட்டதுதான் அழகு.

கோரம் பற்றிச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு டிரஸ்டில் ஐந்து பேர் வந்திருந்தார்கள், கோரம் நான்கு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சம்பந்தம், இருவரும் வெளியே போனதும் மூன்றுதான் மிச்சம். "வராந்தாவில்தானே இருக்கிறார்கள், எண்ணிக்கையில் சேர்" என்று சேர்த்துத் தீர்மானம் போட்டார்கள். ஆடிட்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார். கூட்டத்தைத் தள்ளிவைத்து, வராத இருவரையும் கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒதுங்கியவர் கோரத்தில் எண்ணப்படுவாரா மாட்டாரா என்று உங்கள் விதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள், பத்திரத்தில் அது இல்லை என்றால் சண்டை அங்கேதான் வரும்.

கணக்குப்பிள்ளை | 16 ஜூலை 2024

இரவு தூக்கம் வராமல் யோசித்ததில் இன்னொன்று. மச்சானுக்கே வேலை கிடைத்தால் செக்கில் யார் கையெழுத்து? பொருளாளர்தானே! அளவு எடுத்து பில்லைச் சரிபார்ப்பது, "கூடுதல் வேலை" என்று வரும் தாளுக்குச் சரி சொல்வது, மழையில் ஒழுகினால் கூப்பிட்டுத் திட்டுவது எல்லாமே ஒதுங்க வேண்டிய இடம்தான். வழக்கமாகப் பணம் கசிவது கொட்டேஷனில் இல்லை, இந்தக் கூடுதல் வேலை பில்லில்தான். 8,60,000க்கு எடுத்து 10,20,000த்தில் முடித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு கணக்குக்கு மட்டும் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போடலாம் என்று தீர்மானம் போட்டு, வங்கிக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

லெஸ்டர் அக்கா | 16 ஜூலை 2024

இது எங்கள் விதியில் இல்லவே இல்லை! அறையை விட்டுப் போவதோடு முடித்திருக்கிறோம். எழுதிக்கொண்டேன் ஐயா.

புதுப்பொருளாளர் | 3 நவம்பர் 2024

நீண்ட நாள் கழித்து வருகிறேன். புது இன்ஜினியர் 0.47 ஷீட்டே இந்த அகலத்துக்குப் போதும் என்று எழுதினார். மூடிய கவரில் குறைந்தது 8,05,000, வேறு ஆள். மச்சான் கவரே கொடுக்கவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கும் வரவில்லை. மனைவி என்னிடம் அளந்துதான் பேசுகிறாள்.

கூரை முடிந்துவிட்டது. இப்போது அந்த ஆள் மழைநீர்க் குழாய்க்குக் கூடுதலாக 38,000 பில் கொடுத்திருக்கிறார். "இவர் உனக்குச் சொந்தம் இல்லையே, இதற்கு நீ உட்காரலாம், நன்றாகக் கேள்வி கேள்" என்கிறார் தலைவர். உட்காரலாம்தானே?

மேலத்தெருவான் | 3 நவம்பர் 2024

தாராளமாக. இனி உங்களுக்கு என்ன சம்பந்தம்?

கணக்குப்பிள்ளை | 4 நவம்பர் 2024

நான் உட்கார மாட்டேன். மச்சானிடமிருந்து வேலையைப் பறித்த ஆளின் பில் அது. நீங்கள் வெட்டினால் வீட்டுக்காகப் பழிவாங்கினீர்கள் என்பார் அவர், விட்டால் உங்கள் மனைவி இன்னும் குறைத்துப் பேசுவார்.

லெஸ்டர் அக்கா | 4 நவம்பர் 2024

இதில் ஐயாவோடு ஒத்துப்போக முடியவில்லை. கவரே கொடுக்காதவருக்கு இதில் இழப்பு என்ன? பொருளாளர் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்க்கொண்டே இருந்தால் கணக்கை யார் பார்ப்பது? சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கேட்டுவிட்டு உட்காருங்கள் தம்பி.

புதுப்பொருளாளர் | 10 நவம்பர் 2024

சொன்னேன், கேட்டேன். மூன்று பேர் உட்கார் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். உட்கார்ந்தேன். குழாயின் நீளத்தை டேப் வைத்து அளந்து வரும்படி செயலாளரை அனுப்பினோம், பில்லில் 140 அடி, தரையில் 112 அடி. தொகையைக் குறைத்தாகிவிட்டது. நேற்று அந்த ஆள் கடைவீதியில் என்னைப் பார்த்து, "மச்சானுக்காக வெட்டிட்டீங்க சார்" என்றார்.